நிலவுகள் காப்பீட்டில் சேராது: ஸ்பெயினில் வாடகைக் கார் ஒப்பந்தத்தைப் படித்து முடிவெடுப்பது எப்படி

மாலகா விமான நிலையத்துக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பு, கார் கம்பெனி அனுப்பிய ஒப்பந்த நிபந்தனைகளை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். 9 பக்க ஸ்பானிஷ். வெளியே வந்த தமிழில் ஒரு வரி இப்படி இருந்தது: "நிலவுகள், தாழ்ந்தவை ஆகியவை சேராது." இன்னொரு இடத்தில், "உரிமக்கிளை 1.200 யூரோ." அதை நெதர்லாந்தின் ஐந்தோவனில் இருக்கும் மச்சினனுக்கு அனுப்பினேன். அவன் போனில் சிரித்துவிட்டு, "மாமா, அது என்ன ஒரு யூரோ இருபது சென்ட்டுக்கு உரிமம்? எடுத்துக்கலாமே" என்றான்.

அது ஒரு யூரோ இருபது சென்ட் இல்லை, 1,200 யூரோ. ஸ்பெயினில் ஆயிரத்துக்குப் புள்ளி வைப்பார்கள், காசுக்குத்தான் கமா. 1.200,00 € என்று அச்சிட்டிருந்தால் ஆயிரத்து இருநூறு. நம் பணத்தில் லட்சம் ரூபாயைத் தாண்டும். அந்தத் தொகை என்ன, யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதைப் புரிந்துகொண்டால் ஒப்பந்தத்தில் பாதி புரிந்த மாதிரி. மீதிப் பாதி, எரிபொருளும் கவுன்டரில் விற்கும் கூடுதல் சமாச்சாரங்களும்.

ஊரில் கார் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. நம் கார் பாலிசியிலும் 'கம்பல்சரி டிடக்டிபிள்' என்று ஒன்று உண்டு. 1500 சிசி வரையிலான தனியார் கார் என்றால் ஒவ்வொரு கிளெய்முக்கும் முதல் 1,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். தொகை சின்னது என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஸ்பெயின் வாடகைக் காரில் இருப்பதும் அதே ஏற்பாடுதான், தொகை மட்டும் நூறு மடங்கு. காருக்கு அடிபட்டால் முதல் 1,200 யூரோ வரை நாம் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் போனால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். எதிராளிக்கு நேரும் இழப்புக்கான காப்பீடு வாடகைக்குள்ளேயே வந்துவிடும், அது சட்டப்படி கட்டாயம். ஆகவே கவலையெல்லாம் நாம் ஓட்டும் காருக்கு ஏற்படும் சேதத்தைப் பற்றித்தான்.

முதல் வேலை: எந்தச் சொற்களைத் தேடுவது

9 பக்கத்தையும் மொழிபெயர்த்துப் படிக்க வேண்டியதில்லை. கோப்பைப் போனில் திறந்து, தேடும் பெட்டியில் கீழே உள்ள சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். அந்தச் சொல் வரும் பத்தியை மட்டும் எடுத்து மொழிபெயர்த்தால் போதும்.

```
franquicia
fianza
depósito
excluye
a cargo del arrendatario
lleno
repostaje
```

முதல் சொல் ஃபிராங்கிசியா. இதுதான் நாம் கையிலிருந்து ஏற்க வேண்டிய தொகை. வியாபாரத்தில் கிளை உரிமம் எடுப்பதற்கும் ஸ்பானிஷில் இதே சொல்தான், செயலி தடுமாறியது அதனால். இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் 'போர் சினியெஸ்த்ரோ' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனித்தனியாக என்று பொருள். திங்கட்கிழமை கதவில் ஒரு கீறல், வியாழக்கிழமை பம்பரில் ஒரு இடி என்றால் இரண்டு தடவை 1,200 வரை கேட்கலாம். காரை எடுத்த நாள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,200தான் உச்சம் என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய.

ஃபியான்சா என்பது பிணைத்தொகை. காரை எடுக்கும்போது கிரெடிட் கார்டில் நிறுத்திவைக்கும் பணம். பெரும்பாலும் ஃபிராங்கிசியா அளவுக்கே இருக்கும், சில கம்பெனிகள் எரிபொருளுக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார்கள்.

மூன்றாவது சொல்தான் விவகாரமானது. தெபோசிதோ என்றால் வைப்புத்தொகை, காரின் பெட்ரோல் டேங்க்குக்கும் அதே பெயர். "தெபோசிதோ நிறைந்த நிலையில் தரப்படும்" என்று ஒரு வரி வரும். செயலி அதை "வைப்புத்தொகை முழுமையாகத் திருப்பித் தரப்படும்" என்கிற மாதிரி ஆக்கிவிட்டால் மனதுக்கு நிம்மதியாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே பேசுவது டேங்க்கைப் பற்றி. பக்கத்தில் யூரோ தொகை இருந்தால் பணம், 'யேனோ' என்ற சொல் இருந்தால் டேங்க் என்று நான் பிரித்துக்கொண்டேன். யேனோ என்றால் நிறைந்தது.

'அ கார்கோ தெல் அர்ரெந்ததாரியோ' என்ற தொடர் எங்கே வந்தாலும் நின்று படியுங்கள். வாடகைக்கு எடுத்தவரின் செலவில் என்று பொருள். அர்ரெந்ததாரியோ நாம், அர்ரெந்ததோர் கம்பெனி. வால் மட்டும்தான் வேறு, அவசரத்தில் படித்தால் யார் தலையில் விழுகிறது என்பதே மாறிப்போகும்.

விலக்குப் பட்டியல்: முக்கியமான அரைப் பக்கம்

எக்ஸ்க்லூயே என்றால் விலக்குகிறது. இந்தச் சொல் வரும் பத்தியில்தான் என் நிலவுகள் இருந்தன. லுனாஸ் என்றால் நிலவுகள்தான், ஆனால் காரைப் பொறுத்தவரை கண்ணாடிகள். விண்ட்ஷீல்டு, பக்கக் கண்ணாடி, பின் கண்ணாடி எல்லாம் அதில் அடக்கம். 'தாழ்ந்தவை' என்று வந்தது பாஹோஸ், காரின் அடிப்பாகம். நெயுமாத்திகோஸ் என்றால் டயர்.

அடுத்து யாந்தாஸ். மெக்சிகோ போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளில் இந்தச் சொல்லுக்குப் பொருள் டயர். ஸ்பெயினில் ரிம், அதாவது டயர் மாட்டியிருக்கும் உலோகச் சக்கரம். என் ஒப்பந்தத்தின் கூடுதல் பாதுகாப்புப் பகுதியைச் செயலி மொழிபெயர்த்தபோது, "டயர்கள் அடங்கும், டயர்கள் சேராது" என்று வந்தது. அச்சுப் பிழை என்று நினைத்துக் கடந்துவிட்டேன். உண்மையில் அந்த வரி சொன்னது: டயருக்குப் பாதுகாப்பு உண்டு, ரிம்முக்கு இல்லை. இந்த அலட்சியம் எனக்கு எங்கே வந்து நின்றது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பட்டியல் ஏன் இவ்வளவு முக்கியம்? விலக்கில் இருக்கும் பாகத்துக்கு ஃபிராங்கிசியா என்ற உச்சவரம்பே கிடையாது. 1,200 வரை நாம், அதற்கு மேல் அவர்கள் என்ற ஏற்பாடு பாதுகாப்புக்குள் இருக்கும் பாகங்களுக்கு மட்டும்தான். அடிப்பாகம் விலக்கில் இருந்து, கல்லில் இடித்து ஆயில் சம்ப் உடைந்தால் மொத்தப் பில்லும் நம்முடையது. பெட்ரோல் காரில் டீசல் போட்டுவிட்டாலும் அப்படித்தான். சாவி தொலைந்தாலும், கிளட்ச் எரிந்தாலும் அதே கதை.

சரி, அந்தலூசியா மலைக் கிராமங்களில் எதில் அடிபடும் என்று யோசித்துப் பாருங்கள். ஃபிரிஹிலியானா, ரோந்தா பக்கம் தெருக்கள் சுண்ணாம்பு அடித்த இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு கார் நுழையும் அகலம்தான். ஓர ரிம் நடைபாதைக் கல்லில் உரசும். மலைச்சாலையில் முன்னே போகும் லாரி கல்லைத் தெறிக்கவிடும். நேருக்கு நேர் மோதி பம்பர் பிய்வதைவிட, விலக்குப் பட்டியலில் இருக்கும் பாகங்கள் அடிபடத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் "ஃபிராங்கிசியா எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன்னால் "எதெல்லாம் சேராது?" என்று கேளுங்கள்.

கார்டில் நிற்கும் பணம்

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பிணைத்தொகைக்கு, ஒப்பந்தத்தில் முதல் ஓட்டுநராக இருப்பவர் பெயரில் உண்மையான கிரெடிட் கார்டு கேட்பார்கள். ஃபாரெக்ஸ் கார்டைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள், டெபிட் கார்டையும் பல கம்பெனிகள் மறுக்கும். அப்படி மறுக்கும்போது கவுன்டரில் கிடைக்கும் பதில், "எங்கள் முழுப் பாதுகாப்பை வாங்குங்கள், பிணைத்தொகை வேண்டாம்." வேறு வழி இல்லாமல் வாங்குபவர்கள்தான் அவர்களுக்கு லாபம்.

கிளம்புவதற்கு முன்பு வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து, வரம்பைப் பிணைத்தொகையைவிட நன்றாகவே அதிகமாக வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகளில் அது மூடியே வரும். நான் 3 லட்சம் வரம்புள்ள கார்டில் 2 லட்சத்துக்குத் திறந்துவைத்தேன்.

அப்புறம், பிணைத்தொகை நிறுத்திவைக்கப்படுமா, எடுக்கப்படுமா என்று பாருங்கள். ஸ்பானிஷில் 'ரெதென்சியோன்' என்றால் நிறுத்திவைப்பு. பணம் போகாது, வரம்பில் அந்த அளவு மட்டும் முடங்கும். 'கார்கோ' என்றால் பணத்தை எடுத்துவிட்டுப் பிறகு திருப்பித் தருவது. இந்த வகையில் போகும்போதும் வரும்போதும் மாற்று விகிதமும் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் கடிக்கும். சேதமே இல்லாமல் காரைத் திருப்பிக் கொடுத்தாலும் சில ஆயிரம் ரூபாய் கரைந்துவிடும். கவுன்டர் இயந்திரம் ரூபாயில் கட்டணமா யூரோவிலா என்று கேட்டால் யூரோவைத் தட்டுங்கள். ரூபாயைத் தட்டினால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள்.

எங்கள் வீட்டில் நல்லபடியாக ஓட்டத் தெரிந்தவன் மச்சினன். வலப்பக்கச் சாலைக்குப் பழகியவன், நெதர்லாந்து உரிமமும் இருக்கிறது. ஆனால் அவனிடம் இருந்தது டெபிட் கார்டு மட்டும். ஆகவே முதல் ஓட்டுநர் நான், என் கிரெடிட் கார்டு. அவன் இரண்டாவது ஓட்டுநர். எனக்கு ஆர்.டி.ஓ.வில் 1,000 ரூபாய் கட்டி வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் ஊர் லைசென்ஸும் வேண்டியிருந்தன. இரண்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

எரிபொருள்: யேனோவுக்குப் பின்னால் என்ன சொல் வருகிறது

'யேனோ/யேனோ' என்றால் நிறைத்துத் தருவார்கள், நிறைத்துக் கொடுக்க வேண்டும். இருப்பதிலேயே நேர்மையான ஏற்பாடு இதுதான். 'யேனோ/வாசியோ' என்றால் நிறைந்த டேங்க்குக்கு முன்பே பணம் கட்டிவிட்டு, காலியாகத் திருப்பிக் கொடுப்பது. "நீங்கள் பம்ப்பைத் தேடி அலைய வேண்டாம் சார்" என்று இதைச் சௌகரியமாக விற்பார்கள்.

என் ஒப்பந்தம் யேனோ/யேனோதான். ஆனாலும் கவுன்டரில் இருந்த பெண், முன்பணம் கட்டி டேங்க்கை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் காரின் டேங்க் 42 லிட்டர். அவர்கள் போட்ட விலை லிட்டருக்கு 1,75, அதாவது ஒன்றே முக்கால் யூரோ. டேங்க்குக்கு 73.50 யூரோ. அதன் மேல் 'ரெபொஸ்தாஹெ' சேவைக்கு 35. அந்தச் சொல்லுக்கு எரிபொருள் நிரப்புதல் என்று பொருள். ஆக 108.50 யூரோ.

ஆறு நாளில் நாங்கள் ஓடியது 520 கிலோமீட்டர். சின்ன கார், 100 கிலோமீட்டருக்கு ஐந்தரை லிட்டர் என்று வைத்தால் 28.6 லிட்டர். சாலையோரப் பம்ப்பில் லிட்டர் 1.55 யூரோ, மொத்தம் 44 யூரோ சொச்சம். முன்பணத் திட்டத்தை எடுத்திருந்தால் 64 யூரோ வீண். மீதமிருக்கும் பெட்ரோலுக்குப் பணம் திருப்பித் தரும் கம்பெனிகளும் உண்டு, ஆனால் சேவைக் கட்டணம் திரும்பாது. அப்படித் தந்திருந்தாலும் 40 யூரோவுக்கு மேல் போயிருக்கும். டேங்க்கைத் துடைத்தெடுத்த மாதிரி காலியாகக் கொண்டுவந்து விட்டால்தான் இந்தத் திட்டம் ஓரளவு கட்டுப்படியாகும். விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில், முள் சிவப்புக்கு வந்த பிறகு நெடுஞ்சாலையில் ஓட்ட யாருக்குத் தைரியம் வரும்?

யேனோ/யேனோவிலும் பொறி இல்லாமல் இல்லை. எடுக்கும்போதே முள் முழுசாக நிற்கிறதா என்று பார்த்து, கிலோமீட்டர் எண்ணும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். முழுசாக இல்லையென்றால் வண்டியை நகர்த்துவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். திரும்பும்போது விமான நிலையத்துக்கு அருகில் உள்ள பம்ப்பில் நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் 60 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நெர்ஹாவில் நிரப்பிவிட்டு வந்தால் முள் அசையாமல் இருக்கலாம், ஆனால் ரசீதில் இடம் தெரியும். குறைந்ததாக அவர்கள் சொல்லும் இரண்டு மூன்று லிட்டரைவிட, அதை நிரப்பும் 'சேவை'க்குத்தான் பெரிய தொகை போடுவார்கள்.

பம்ப்பில் ஒரு எச்சரிக்கை. 'கசோலினா' பெட்ரோல், 'கசோலியோ' டீசல். பாதித் தூக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். துப்பாக்கியின் ஒட்டியைப் பாருங்கள்: வட்டத்துக்குள் E5 என்றால் பெட்ரோல், சதுரத்துக்குள் B7 என்றால் டீசல். ஐரோப்பா முழுக்க வட்டம் பெட்ரோலுக்கு, சதுரம் டீசலுக்கு. அதே ஒட்டி காரின் டேங்க் மூடிக்குள்ளும் இருக்கும். வடிவத்தை வடிவத்தோடு பொருத்தினால் போதும், ஸ்பானிஷே தேவையில்லை.

கவுன்டரில் விற்பது: எதை வாங்கினோம், எதை விட்டோம்

ஆறு நாள் வாடகை 96 யூரோ. மலிவாக இருந்ததால்தான் பதிவு செய்தோம். மலிவாக இருப்பதற்குக் காரணம், மீதியைக் கவுன்டரில் எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை.

முதலில் முழுப் பாதுகாப்பு. நாளுக்கு 21, ஆறு நாளுக்கு 126 யூரோ, வாடகையைவிட அதிகம். இதை வாங்கினால் ஃபிராங்கிசியா பூஜ்யமாகும், பிணைத்தொகையும் 100 யூரோவாகக் குறையும். இதற்கு மாற்று, வெளியே தனியாக வாங்கும் ஃபிராங்கிசியா காப்பீடு. எங்களுக்கு நாளுக்கு 7 வீதம் 42 யூரோ ஆனது. வித்தியாசம் 84 யூரோ.

ஆனால் இரண்டும் ஒரே சரக்கு இல்லை. கவுன்டரில் வாங்குவது, "உன்னிடம் கேட்க மாட்டோம்" என்று கம்பெனி கொடுக்கும் வாக்கு. வெளியே வாங்குவது, கம்பெனி உங்களிடம் பிடித்த பிறகு அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் காப்பீடு. முதலில் உங்கள் கார்டிலிருந்து பணம் போகும். ஒப்பந்தம், சேத அறிக்கை, பழுதுபார்ப்புப் பில், கார்டு கணக்கு எல்லாம் அனுப்பினால் பிறகு வரும். கவுன்டர்க்காரர் அந்தப் பாலிசியைப் பார்க்கக்கூட மாட்டார், பிணைத்தொகையும் குறையாது. பதிவுசெய்யும் இணையதளங்கள் 'முழுக் காப்பீடு' என்று விற்பதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். "நான்தான் ஏற்கெனவே முழுசா கட்டிட்டேனே" என்று கவுன்டரில் சண்டை போடுபவர்களை நீங்களும் பார்ப்பீர்கள். அவர்கள் கட்டியது உண்மைதான், கட்டியது வேறு ஆளிடம்.

ஆகவே எதை வாங்குவது என்பது கார்டின் வரம்பைப் பொறுத்தது. 1,200 யூரோ முடங்கினாலும் மீதிப் பயணத்தை ஓட்ட முடியும், அவ்வளவு பணம் உண்மையிலேயே போனாலும் திரும்ப வரும்வரை சில வாரம் தாங்க முடியும் என்றால் வெளிக்காப்பீடு. முடியாது என்றால் கவுன்டர் பாதுகாப்பு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளிக்காப்பீடு வாங்குபவர்கள் மூன்று விஷயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் வசிப்பவருக்குச் செல்லுமா? ஐரோப்பியப் பாலிசிகள் பலவும் அங்கே வசிப்பவர்களுக்கு மட்டும்தான். கண்ணாடி, டயர், ரிம், அடிப்பாகம் அடங்குமா? சாவியைக் கையில் வாங்குவதற்கு முன்பே எடுத்தாயிற்றா? பிறகு எடுத்தால் பெரும்பாலும் செல்லாது. ஊரில் எடுத்த பயணக் காப்பீட்டின் அட்டவணையிலும் வாடகைக் கார் வரி ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், இருந்தால் இரட்டைச் செலவு மிச்சம்.

இரண்டாவது ஓட்டுநர், நாளுக்கு 6, மொத்தம் 36 யூரோ. இதை மறுபேச்சில்லாமல் வாங்கினோம். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி அடிபட்டால் எந்தப் பாதுகாப்பும் நிற்காது, 1,200 என்ற உச்சவரம்பும் போய்விடும். "கொஞ்ச தூரம்தானே, நான் ஓட்டுறேன்" என்று சொல்லக்கூடியவர் யாராவது வண்டியில் இருந்தால் 36 யூரோவைக் கட்டிவிடுங்கள். யாரும் இல்லையென்றால் வேண்டாம்.

குழந்தை இருக்கை நாளுக்கு 8, மொத்தம் 48. என் மகளுக்கு நான்கு வயது. ஸ்பெயினில் 135 சென்டிமீட்டர் உயரம் வரை குழந்தை இருக்கை கட்டாயம், அதனால் இல்லாமல் ஓட்ட முடியாது. ஆனால் அதைக் கம்பெனியிடம்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. மச்சினன் நண்பரிடம் கடன் வாங்கி விமானத்தில் போட்டுக் கொண்டுவந்தான். ஊரிலிருந்து கொண்டுபோனால், R44 அல்லது R129 என்ற ஐரோப்பிய ஒட்டி இருக்கையில் இருக்க வேண்டும்.

வழிகாட்டிக் கருவியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, போன் இருக்கிறது. சுங்கக் கருவியும் வேண்டாம் என்றோம். கடற்கரையை ஒட்டிய ஏ.பி-7 சாலையில் கட்டணம் உண்டு, ஆனால் சாவடியில் கார்டு காட்டிப் போகலாம். பக்கத்திலேயே ஏ-7 இலவசமாகப் போகிறது. சாலையோர உதவிக்கு 30 யூரோ கேட்டார்கள். அடிப்படை வாடகையிலேயே இயந்திரக் கோளாறுக்கு உதவி இருந்தது. கூடுதலாக வாங்கினால் கிடைப்பது பஞ்சருக்கும் சாவி உள்ளே மாட்டிக்கொண்டதற்கும் ஆள் வருவதுதான். பஞ்சருக்கு என் வெளிக்காப்பீடு இருந்தது, சாவியை மச்சினன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டான்.

ஆக, வாடகை 96, வெளிக்காப்பீடு 42, இரண்டாவது ஓட்டுநர் 36, பெட்ரோல் 44. மொத்தம் 218 யூரோ. வழிகாட்டிக் கருவியையும் சுங்கக் கருவியையும் விட்டுவிட்டு, கவுன்டரில் சொன்ன மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தால் 444.50 ஆகியிருக்கும்.

ரிம்மின் கதை

நான்காம் நாள் ரோந்தாவில், தரைக்குக் கீழே இருந்த ஒரு கார் நிறுத்தத்தின் வளைவில் வலப்பக்க முன் சக்கரம் உரசியது. ஓட்டியது நான்தான், மச்சினன் இல்லை. ரிம்மின் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளிக் கோடு. டயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

திருப்பிக் கொடுக்கும்போது கம்பெனி ஆள் நேராக அந்தச் சக்கரத்துக்கு முன்னால்தான் உட்கார்ந்தார். காரை எடுக்கும்போது நான் வீடியோ எடுத்திருந்தேன். நான்கு பக்கமும் நடந்து, நான்கு ரிம்மையும் நெருங்கி, விண்ட்ஷீல்டு, கூரை, முன் பம்பரின் கீழ் உதடு எல்லாம். அதனால் பின் ரிம்மில் ஏற்கெனவே இருந்த இன்னொரு கீறலை என் கணக்கில் எழுத விடவில்லை. முன் சக்கரத்துக்கு மறுக்க வழியில்லை. ரிம்முக்கு 165, 'நிர்வாகச் செலவு' 35, ஆக 200 யூரோ.

கவுன்டரில் 126 யூரோ பாதுகாப்பை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு ஒப்பந்தத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். "டயர்கள் அடங்கும், டயர்கள் சேராது." அப்போதுதான் அகராதியில் யாந்தாஸைத் தேடினேன். 126 கொடுத்திருந்தாலும் ரிம்முக்கு 200 கொடுக்க வேண்டியிருந்திருக்கும். வெளிக்காப்பீட்டில் ரிம் இருந்தது என்பது என் சாமர்த்தியம் அல்ல, அதிர்ஷ்டம்.

19 நாளில் 165 யூரோ வந்தது. நிர்வாகச் செலவு அந்தப் பாலிசியில் சேராது, 35 யூரோ போனது போனதுதான். கிளெய்முக்கு அவர்கள் கேட்டவை: ஒப்பந்தம், திருப்பிக் கொடுத்தபோது கையெழுத்திட்ட சேதத் தாள், கம்பெனியின் பில், கார்டில் பணம் போன வரி, சக்கரத்தின் படம். பில்லில் 'சேதம்' என்று மொட்டையாக இருந்ததால், எந்தப் பாகம் என்று எழுதித் தரச் சொல்லி கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட வேண்டியிருந்தது. கவுன்டரிலேயே கேட்டிருந்தால் ஐந்து நாள் மிச்சமாகியிருக்கும். சேதம் பெரிதாக இருந்தாலோ இன்னொரு வண்டி சம்பந்தப்பட்டிருந்தாலோ 112-ஐ அழைத்துப் போலீஸ் அறிக்கையும், இரு ஓட்டுநரும் நிரப்பும் ஐரோப்பிய விபத்துப் படிவமும் வாங்கிவிடுங்கள். அந்தப் படிவம் காரின் முன்பெட்டியில் இருக்கிறதா என்று எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளலாம்.

திருப்பிக் கொடுக்கும் நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் விமானம் காலை 6 மணிக்கு, அலுவலகம் திறப்பது 7-க்கு. சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம் என்றார்கள். ஆனால் ஒப்பந்தத்தில், அலுவலகம் திறந்து ஆள் வந்து காரைப் பார்க்கும்வரை பொறுப்பு அர்ரெந்ததாரியோவுடையது என்று இருந்தது. அர்ரெந்ததாரியோ யார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அதனால் முந்தின நாள் மாலையே காரைக் கொடுத்து, ஆள் பார்த்த தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மறுநாள் விடியற்காலை டாக்சியில் விமான நிலையம் போனோம். டாக்சிக்கு 25 யூரோ. பிணைத்தொகை எட்டாம் நாள் கார்டிலிருந்து விலகியது.